சாவி வாங்குமுன் ஒரு வாளித் தண்ணீர்

புது ஃபிளாட் விஷயத்தில் நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்து கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிடுவோம். பத்திரிகை அடித்து ஊருக்கு அனுப்பி, பெரியப்பாவும் அத்தையும் சார்மினார் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்த பிறகுதான் பில்டரிடம் போய், "எப்போது சார் சாவி கொடுப்பீர்கள்?" என்று கேட்போம். அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நாள் நெருங்க நெருங்க, எது அரைகுறையாக இருந்தாலும் நாம் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்பது அவருக்குத் தெரியும். "சேஸ்தாம் சார், சேஸ்தாம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டே இருப்பார்.

சைனிக்புரி, படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு. இங்கும், இதை ஒட்டிய யாப்ரால், காப்ரா, ஏ.எஸ். ராவ் நகர் பக்கங்களிலும் கீழே கார் நிறுத்துமிடம், மேலே ஐந்து தளம் என்ற கணக்கில் கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. நம் அன்பர்கள் பலர் வாங்குவதும் இவற்றில்தான். ஆகவே சாவி வாங்குமுன் அறை அறையாக எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று விவரமாக எழுதுகிறேன். நாள் குறிப்பதை மட்டும் இந்தச் சோதனை முடிந்து, குறைகள் சரியான பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். ஏன் மூன்று வாரம் என்பது போகப்போகப் புரியும்.

எடுத்துப்போக வேண்டியவை பெரிய சாமான்கள் இல்லை. ஒரு கோலிக் குண்டு, ஒரு ரூபாய் நாணயம், டார்ச் விளக்கு, முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, பென்சில், அளவு டேப், காகித ஒட்டுநாடா ஒரு சுருள், பழைய செய்தித்தாள், இரண்டு வாளி, ஒரு பாட்டில் சொட்டு நீலம். மின்சாரக் கடையில் மூன்று பின் செருகித் தெரிந்துகொள்ளும் டெஸ்டர் ஒன்று கிடைக்கும், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்த மேஸ்திரி யாராவது ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டுவந்தால் நல்லது. பகல் வெளிச்சத்தில் ஒரு முறையும் இருட்டிய பிறகு ஒரு முறையும் போக வேண்டும்.

குளியலறையில் தொடங்குங்கள்

ஹாலைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் வேலையைக் குளியலறையில் தொடங்க வேண்டும்; ஏனென்றால் இங்கே செய்கிற சோதனைக்கு ஒன்றரை நாள் பிடிக்கும். அதை ஆரம்பித்து வைத்துவிட்டு மற்ற அறைகளுக்குப் போகலாம். இன்னொரு காரணமும் உண்டு. சுவரில் குறை என்றால் குடிவந்த பிறகும் பூசிக்கொள்ளலாம். குளியலறைத் தரை ஒழுகினால், ஒழுகுவது உங்கள் வீட்டில் அல்ல, கீழ்வீட்டுக்காரர் தலையில். அவர் வந்து கதவைத் தட்டும்போது நீங்கள் டைல்ஸை உடைத்து, கம்மோடைக் கழற்றி, பத்து நாள் ஒரே குளியலறையில் குடும்பம் நடத்த வேண்டியிருக்கும்.

நீர் தேக்கும் சோதனையைச் செய்யும் முறை இது. தரையில் இருக்கும் வடிகால் துளையை, மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பையால் இறுக அடைத்துவிடுங்கள். வாசற்படியில் செங்கல் வைத்துக் களிமண்ணோ சிமெண்ட் கலவையோ பூசி ஒரு சிறு அணை கட்டச் சொல்லுங்கள். மேடான பகுதியிலும் ஓர் அங்குலம் நிற்கும்படி தண்ணீர் விடுங்கள். புதுத் தரையும் டைல்ஸ் இடுக்குகளும் முதலில் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். ஆகவே ஆறேழு மணி நேரம் விட்டு, குறைந்ததை நிரப்பிய பிறகுதான் சுவர் டைலில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும். பக்கத்திலேயே நேர்ச்சுவர் உள்ள ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதிலும் ஒரு கோடு போடுங்கள். ஆவியாகிப் போவது எவ்வளவு என்று இந்தப் பாத்திரம் சொல்லும். கதவைச் சாத்திவிட்டு 24 மணி நேரம் கழித்து வந்து இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் தரை நல்ல தரை. தரையில் மட்டும் அதிகம் குறைந்திருந்தால் தண்ணீர் எங்கோ இறங்குகிறது. முடிந்தால் 48 மணி நேரம் விடுவது இன்னும் நல்லது.

நண்பர் ஒருவர் சைனிக்புரியில் இரண்டாவது மாடியில் வாங்கிய ஃபிளாட்டில் இதைச் செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பில்டர் பெயர் இங்கே வேண்டாம். குளியலறை 8 அடிக்கு 5 அடி. சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தண்ணீர் விட்டு, மாலையில் நிரப்பி, 6 மணிக்குக் கோடு போட்டோம். ஞாயிறு மாலை 6 மணிக்குப் பார்த்தால் எவர்சில்வர் டப்பாவில் 2 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. தரையில் 9 மில்லிமீட்டர். வித்தியாசம் 7 மில்லிமீட்டர்தானே என்று சைட் இன்ஜினியர் சொன்னார். 40 சதுர அடியில் 7 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 26 லிட்டர்; ஒரு நாளில் இரண்டு குடம். அத்தனையும் எங்கே போயிற்று?

கீழே முதல் மாடிக்குப் போய்ப் பார்த்தோம். இந்தக் கட்டடத்தில் கழிவுக் குழாய்கள் தளத்துக்கு அடியில் தொங்குகின்றன. அவற்றை மறைக்கும் ஃபால்ஸ் சீலிங் இன்னும் மூடப்படவில்லை. டார்ச் அடித்தால் கம்மோட் குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தைச் சுற்றி ஈரம், அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குழாய்க்காகத் துளை போட்டபின் அதைச் சாதாரண சிமெண்ட் கலவையால் அடைத்திருக்கிறார்கள். அது காயும்போது சுருங்கி, குழாயைச் சுற்றி மயிரிழை இடைவெளி விட்டுவிட்டது. இந்த இடத்துக்குச் சுருங்காத கிரவுட் என்று தனியாகக் கிடைக்கிறது; அதைத்தான் ஊற்ற வேண்டும்.

மேலே டைல் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் தடவித் தருகிறேன் என்றார்கள். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை, அதுதான் சரி. டைல் இடுக்கு தண்ணீரைத் தடுக்கும் இடம் இல்லை. தடுப்பது அதற்கு அடியில் உள்ள பூச்சு. கம்மோடைக் கழற்றி, சுற்றி நான்கு டைல்ஸைப் பெயர்த்து, பழைய கலவையைக் கொத்தி எடுத்து, கிரவுட் ஊற்றி, நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கோட் கொடுத்து, காயவிட்டு, மறுபடி தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் பார்த்தார்கள். மொத்தம் 11 நாள் ஆயிற்று. மூன்று வாரம் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான்.

எல்லாக் கட்டடத்திலும் குறை இவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. சில இடங்களில் குளியலறைத் தளத்தை ஓர் அடி பள்ளமாக இறக்கிப் போட்டு, குழாய்களை அதற்குள்ளேயே படுக்கவைத்து, செங்கல் ஜல்லி போட்டு மேவியிருப்பார்கள். அங்கே ஒழுகும் நீர் முதலில் அந்த மேவலில் ஊறித் தேங்கும். கீழ்வீட்டுக் கூரையில் தெரிய மாதக்கணக்கில்கூட ஆகலாம். "கீழே ஈரம் இல்லையே" என்ற சமாதானம் அங்கே செல்லாது. நீர்மட்டக் கோடு ஒன்றுதான் சாட்சி. இப்படிப்பட்ட கட்டடம் என்றால், முடியுமானால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே ஒரு தடவை போய் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அப்போது செய்தால் பில்டருக்கும் செலவு குறைவு. அவரே மறுக்க மாட்டார்.

அணையை உடைத்துத் தண்ணீரை வடியவிடும்போது நின்று கவனியுங்கள். ஐந்து நிமிஷம் கழித்தும் குட்டையாக எங்கே நிற்கிறது? அந்த மூலைகளில் பென்சிலால் வட்டம் போடுங்கள். 5 அடி தூரத்துக்கு முக்கால் அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும். இங்கேதான் கோலிக்கு வேலை. தரை காய்ந்தபின் நான்கு மூலையிலிருந்தும் கோலியை விடுங்கள். அது வடிகாலை நோக்கி உருண்டால் சரி. கதவை நோக்கி வந்தால், நாளைக்குக் குளித்த தண்ணீரும் அதே வழியில் படுக்கையறைக்கு வரும்.

ஃப்ளஷ் தொட்டியில் நாலு சொட்டு நீலத்தை விட்டு, இழுக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். கம்மோட் நீர் நீலமானால் உள்ளே வால்வு கசிகிறது. கம்மோடில் உட்கார்ந்து இரு பக்கமும் அசைந்து பாருங்கள், ஆடக்கூடாது. துர்நாற்றம் வந்தால் உடனே குறையென்று எழுதிவிடாதீர்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் வடிகாலுக்குள் நிற்க வேண்டிய நீர் ஆவியாகியிருக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து முகருங்கள். அப்போதும் நாற்றம் என்றால் உள்ளே நீர் நிற்கும் வளைவே வைக்கவில்லை அல்லது தப்பாக வைத்திருக்கிறார்கள். ஊற்றிய வாளித் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கினால் குழாய்க்குள் சிமெண்ட் கட்டியோ கல்லோ அடைத்திருக்கிறது. புதுக் கட்டடத்தில் இது மிகச் சாதாரணம். மேஸ்திரிகள் மிச்சக் கலவையைக் கழுவிக் கொட்டுவது எங்கே என்று நினைக்கிறீர்கள்?

சமையலறை

அந்த அடுப்படியில் நிற்கப்போகிறவர் யாரோ அவரே வந்து பார்க்கட்டும். ஆபீஸுக்குப் போகிற ஐயா கிரானைட் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடுவார்.

சிங்கின் துளையை அடைத்து விளிம்புவரை நிரப்புங்கள். கீழே செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டு ஒரே மூச்சாகத் திறந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக்கூடக் காகிதம் காட்டிவிடும். மேடையின் மீது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் அது சிங்கை நோக்கிப் போக வேண்டும்; சுவரோரம் போய் நிற்கக்கூடாது. கிரானைட்டும் சுவர் டைல்ஸும் சேரும் இடுக்கில் சிலிக்கான் அடைப்பு அறாமல் போயிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அங்கே இடைவெளி இருந்தால் பிறகு அதுவே கரப்பான்பூச்சிக்கு ராஜபாட்டை.

குழாய்களின் நுனியில் உள்ள சல்லடை மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். மணலும் பிளாஸ்டிக் சீவலும் சிக்கியிருக்கும். துணி துவைக்கும் யுட்டிலிட்டி இடத்தில் தரை சமையலறையை விட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியேறும் குழாய் இருக்கிறதா, மெஷினுக்கு பிளக் பாயிண்ட் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஹாலும் படுக்கையறைகளும்

தரை டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு தட்டு, நான்கு மூலையில் நான்கு தட்டு. அடியில் கலவை முழுக்கப் பரவியிருந்தால் ஓசை கட்டியாக இருக்கும். கலவையை ஐந்து உருண்டையாக வைத்து டைலை அழுத்திவிட்டிருந்தால் 'டொக் டொக்' என்று பொள்ளல் ஓசை வரும். மூலை மட்டும் பொள்ளல் என்றால் ஓரளவு பொறுக்கலாம். பாதி டைல் பொள்ளலாக இருந்தால், மேலே பீரோ கால் ஊன்றும் நாளில் அது விரிசல் விடும். பொள்ளல் டைல் ஒவ்வொன்றின் மீதும் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டி எண் எழுதுங்கள். டைல்ஸ் மாற்றும்போது அதே நிறம் கிடைக்க வேண்டுமே! ஆகவே மீந்த டைல்ஸ் ஒரு பெட்டியாவது உங்களிடம் தரச் சொல்லி அதையும் பட்டியலில் சேருங்கள்.

சுவருக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது குடிசை மாற்று வாரியம் என்று பெயர் கொண்டிருந்த அரசு வாரியம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில், குடிவந்தவர்கள் கையால் தொட்டதும் சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. தொலைக்காட்சியில் பார்த்தோம். சட்டசபையிலும் பேச்சாயிற்று. ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் செய்ததுதான் நாமும் செய்யக்கூடிய சோதனை. வெளியே தெரியாத ஓர் இடத்தில், மின்சார சுவிட்ச் பெட்டியின் மூடிக்குள்ளோ பரண் மேலோ, சாவியால் சுரண்டுங்கள். நல்ல பூச்சில் கோடு விழும், அவ்வளவுதான். பூச்சு மாவாகக் கொட்டினால் சிமெண்ட் குறைவு அல்லது பூசியபின் நீராட்டவில்லை. நம் ஹைதராபாத்தில் ஆற்று மணலுக்குப் பதில் ரோபோ சாண்ட் என்று சொல்லும் கல் மணல்தான் பெரும்பாலும். அதனால் குற்றம் இல்லை. அதிலுள்ள கல்தூள் அதிகமாகிவிட்டால் மட்டும் பூச்சில் சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்புகள் ஓடும்.

இந்த வெடிப்புகளை வகை பிரிக்கத் தெரிந்துகொண்டால் வீண் பயமும் இல்லை, வீண் தைரியமும் இல்லை. சிலந்தி வலை வெடிப்பு பூச்சோடு நிற்பது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதும். தூணும் சுவரும் சேருமிடத்தில் நூல் பிடித்தாற்போல நேர்க்கோட்டில் ஓடும் வெடிப்பு, கான்கிரீட்டும் கட்டுவேலையும் வெவ்வேறு விதமாகச் சுருங்குவதால் வருவது. அங்கே கோழிவலை வைத்துப் பூச வேண்டும் என்பது விதி. வைக்கவில்லை என்றால் வெடிக்கும். பில்டர் அதைக் கீறி, வலை வைத்துத் திரும்பப் பூச வேண்டும். வெறும் பட்டி அடைத்தால் அடுத்த கோடையில் அதே கோடு திரும்ப வரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு மூன்றாவது வகை. இதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் வளர்கிறது. தூணிலோ உத்தரத்திலோ வெடிப்பு என்றால் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துவிடுங்கள்.

இருட்டிய பிறகு வரச் சொன்னது சுவருக்காகத்தான். விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். பகலில் வழுவழுப்பாகத் தெரிந்த சுவர்தானா இது என்று தோன்றும்.

கதவைப் பாதி திறந்து கையை எடுங்கள். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தானாகத் திறந்தாலோ மூடினாலோ நிலை தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்கவில்லை. பிறகு அந்தச் சிறு கண்ணாடியைக் கதவின் அடியில் நுழைத்துக் கீழ் விளிம்பைப் பாருங்கள். ஃப்ளஷ் டோரின் உயரத்தைக் குறைக்கக் கீழே சீவியிருப்பார்கள். சீவிய இடத்துக்கு யாரும் வார்னிஷ் பூசுவதில்லை, கண்ணுக்குத் தெரியாதே! ஜூலை மழையில் ஈரத்தை உறிஞ்சி உப்பி, கதவு தரையில் உரசும். குளியலறைக் கதவென்றால் இரண்டு வருஷத்தில் அடிப்பலகை உரிய ஆரம்பிக்கும்.

ஜன்னல்கள் இப்போது பெரும்பாலும் வழுக்கி நகரும் யு.பி.வி.சி. வகை. அடித் தண்டவாளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கம் உள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியே போக வேண்டும். உள்ளே நிரம்பி வழிந்தால் அந்தத் துளைகளைப் போடவில்லை அல்லது சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். ஏப்ரல், மே மாதத்தில் வீடு வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மழை வந்து காட்டிக்கொடுக்கும் வரை வேறு எதுவும் இந்தக் குறையைக் காட்டாது.

பால்கனியில் மூன்றே விஷயம். ஹால் தரையை விடத் தாழ்ந்திருக்க வேண்டும், ஊற்றிய வாளித் தண்ணீர் துளைக்குப் போக வேண்டும், கைப்பிடி 1 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் கம்பிகளின் இடைவெளியையும் பாருங்கள். 4 அங்குலத்தைத் தாண்டினால் மாற்றச் சொல்லுங்கள்.

மின்சாரம்

மூன்று பின் டெஸ்டரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிக்கொண்டே போங்கள். அதன் விளக்குகள் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று சொல்லும். நண்பர் வீட்டில் 31 பிளக்கில் 3 பிளக்குக்கு எர்த் இல்லை. பெட்டியைத் திறந்தால் பச்சை வயர் உள்ளே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, முடுக்கவே இல்லை. மூன்றில் ஒன்று ஃப்ரிட்ஜுக்கான இடம். விளக்கு எரியும், ஃப்ரிட்ஜ் ஓடும், ஒரு குறையும் தெரியாது. ஈரக்கையோடு கதவைத் திறக்கிற ஒருநாள் வரை.

மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்ற, கசிவு மின்சாரத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் இருக்க வேண்டும். அதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். பிறகு எம்.சி.பி. ஒவ்வொன்றாக அணைத்து, எது எந்த அறைக்கு என்று பார்த்துப் பெயர் ஒட்டச் சொல்லுங்கள். கீஸரையும் ஏ.சி.யையும் ஒரே எம்.சி.பி.யில் மாட்டியிருந்தால் பிரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே

கார் நிறுத்துமிடத்தில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, தரையை விட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2020 அக்டோபர் மழையில் நகரம் பட்ட பாடு நமக்குத் தெரியும். மூடி தரையோடு தரையாக இருந்தால், தெருத்தண்ணீர் உள்ளே வரும் நாளில் குடிதண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகிவிடும். கடைசி மாடி வாங்குகிறவர்கள் மொட்டை மாடிக்கும் அதே நீர் தேக்கும் சோதனையைக் கேட்க வேண்டும்.

நாணயமும் கோலியும் கண்டுபிடிக்க முடியாதவையும் உண்டு. ராணுவத்தாருக்காக, ராணுவ வீட்டுவசதி நிறுவனமே கொச்சியில் கட்டிய சந்தர் குஞ்ச் கோபுரங்கள் 2018-இல் ஒப்படைக்கப்பட்டன. மூன்று கோபுரங்களில் 264 வீடுகள். சில வருஷங்களிலேயே கான்கிரீட் பெயர்ந்து விழத் தொடங்கியது. கான்கிரீட்டில் குளோரைடு அதிகம் இருப்பதைச் சோதனைகள் காட்டின. அது உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் இரண்டு கோபுரங்களை இடித்துக் கட்டித்தர உத்தரவிட்டது. சாவி வாங்கிய நாளில் அந்த வீடுகளில் யாராலும் இதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஆகவே கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்த்த சோதனை அறிக்கைகள், தண்ணீரைச் சோதித்த அறிக்கை, குழாய் மற்றும் மின்சார வரைபடங்கள் ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குவதே ஒரு தகவல்தான்.

பட்டியலை எழுதும் விதம்

"பாத்ரூம் டைல் சரியில்லை" என்று எழுதினால் ஒருவரும் வந்து பார்க்க மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: "14. இரண்டாவது குளியலறை, வடக்குச் சுவர், கீழிருந்து 3-ஆவது வரிசை, இடமிருந்து 2-ஆவது டைல். பொள்ளல். எடுத்து மாற்ற வேண்டும்." அதே 14 என்ற எண்ணைச் சுவரில் ஒட்டிய நாடாவிலும் எழுதி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இரண்டு கட்டம் காலியாக இருக்கட்டும்: முடிப்பதாகச் சொன்ன தேதி ஒன்று, நீங்கள் மறுபடி சோதித்த தேதி ஒன்று. இரண்டு பிரதி எடுத்து இரண்டிலும் சைட் இன்ஜினியரின் கையெழுத்து வாங்கிவிடுங்கள். "அயிப்போயிந்தி சார்" என்று தொலைபேசியில் சொன்னால் கட்டத்தை நிரப்பிவிடக் கூடாது. நேரில் போய் அதே நாணயத்தால் தட்டிப் பார்த்தபின்தான். நண்பர் பட்டியலில் 47 இருந்தன. முதல் தடவை "முடிந்தது" என்று சொன்னதில் 9 முடியவில்லை.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் உண்டு. 2016-ஆம் வருஷத்து ரெரா சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்வது பில்டர் கடமை. ஆனால் சைனிக்புரி பக்கம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 500 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 600 சதுர கஜம் வரையுள்ள மனையில் கட்டுவதற்கும், 8 வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் ரெரா பதிவு கட்டாயமில்லை. இந்தச் சிறு கட்டடங்களில் வாங்குகிறவர்கள் அந்த 5 வருஷம், 30 நாள் வாசகத்தை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆக்குபன்சி சர்டிபிகேட் இல்லாமல் சாவி வாங்கவே கூடாது. 2012-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளின்படி, அனுமதி தரும்போது கட்டடப் பரப்பில் 10 சதவீதத்தை மாநகராட்சி தன்னிடம் அடமானமாக வைத்துக்கொள்கிறது. சர்டிபிகேட் கொடுத்த பிறகே விடுவிக்கும். உங்கள் ஃபிளாட்டே அந்த 10 சதவீதத்தில் சேர்ந்ததாக இருக்கலாம். எந்த எண்கள் அடமானத்தில் இருக்கின்றன என்று கேட்டுப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தவணையில் ஒரு பங்கை, பட்டியல் முடியும்வரை நிறுத்தி வைக்க முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள். ஒப்படைப்புக் கடிதத்தில் "வீட்டை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, "இத்துடன் இணைத்த குறைப்பட்டியலுக்கு உட்பட்டு" என்று உங்கள் கையாலேயே எழுதித் தேதி போடுங்கள். பிறகு, குடிவந்த முதல் ஆகஸ்டில் நல்ல மழை பெய்த மறுநாள், சுவர்களையும் ஜன்னல் ஓரங்களையும் கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, ஈரம் தட்டுகிற இடங்களை அதே பட்டியலில் 48-ஆவது எண்ணிலிருந்து எழுதி அனுப்புங்கள்.